சரண்டர் எழுதிக் கொடுக்கும் முன்னே கேட்க வேண்டியது
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பள்ளி திறக்கிற மாதம் வந்தால் போதும், "பாலிசியை சரண்டர் பண்ணிடலாமா?" என்று நம்மிடம் கேட்பவர்கள் அதிகம். பண்ணலாம். ஆனால் கையில் எவ்வளவு வரும் என்று தெரியாமலே பலர் மனு எழுதிக் கொடுத்து விடுகிறார்கள். கட்டிய பணம் அப்படியே திரும்பி வரும் என்பது அவர்கள் நினைப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2021-ல் எடுத்த எண்டோவ்மெண்ட் பாலிசி, ஒரு லட்ச ரூபாய்க்கு, 20 வருடம். வருட பிரீமியம் 5,000 என்று வைத்துக் கொள்வோம். ஐந்து தவணை கட்டியாச்சு, 25,000 ரூபாய். ஐந்தாம் வருடத்தில் சரண்டர் செய்தால் உறுதியாகக் கிடைப்பது, வரி நீங்கலாகக் கட்டியதில் பாதி, அதாவது 12,500. சேர்ந்த போனஸில் ஒரு சிறு பங்கு கூட வரும். கம்பெனி இன்னொரு முறையிலும் கணக்கு போட்டு, எது அதிகமோ அதைத் தரும். இரண்டாம் வருடத்திலேயே விட்டிருந்தால் 30 சதவீதம்தான். முதல் வருடங்களின் பணத்தில் ஏஜெண்ட் கமிஷனும் ஆயுள் பாதுகாப்புச் செலவும் போய்விடுவதால்தான் இப்படி. பழைய பாலிசிகளுக்கு விகிதம் வேறு. உங்கள் பாண்டில் அச்சடித்திருப்பதுதான் உங்களுக்குச் செல்லும்.

இப்போ அந்தச் சகோதரிக்குத் தேவை பத்தாயிரம் ரூபாய் ஃபீஸ்தானே? பாலிசி நடப்பில் இருந்தால் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை அதன் மேலேயே கடன் வாங்கலாம். 12,500-க்கு அது 11,250. பாலிசியும் உயிரோடு இருக்கும். வட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டி வர வேண்டும், அதை விட்டால் கடன் வளரும்.

பிரீமியமே கட்ட முடியாத நிலை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கட்டுவதை நிறுத்திவிட்டு பாலிசியை அப்படியே விடலாம். 20-ல் 5 பங்கு கட்டியதால் காப்புத் தொகை 25,000 ஆகக் குறையும். ஏற்கெனவே சேர்ந்த போனஸும் அதோடு சேரும். ஆனால் அந்தப் பணம் 2041-ல்தான் கைக்கு வரும், இடையில் உயிர் போனால் வீட்டாருக்கு வரும். அவசரத்துக்கு இது உதவாது.

அதனால் முதலில் கிளை அலுவலகம் போய், பாலிசி எண்ணைச் சொல்லி, "இன்றைய தேதிக்கு சரண்டர் மதிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பழைய கடன் பாக்கி இருந்தால் வட்டியோடு கழித்துத்தான் தருவார்கள், அதையும் கேளுங்கள். ஏஜெண்ட் வாயால் சொன்ன தொகை போதாது. "இதை சரண்டர் பண்ணிட்டு புதுசா ஒண்ணு போடுங்க" என்று யாராவது சொன்னால், புதிதிலும் முதல் வருடங்களின் நஷ்டம் மறுபடி உங்களுக்குத்தான்.

தொகை நிரப்பாத சரண்டர் படிவத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். அது பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதும்கூட. அசல் பாண்டைக் கொடுத்து பணம் கணக்கில் ஏறிய பிறகு அந்தப் பாலிசியை மீண்டும் உயிர்ப்பிக்க முடியாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாண்டையும் கடைசி ரசீதையும் எடுத்துட்டு வாங்க, சேர்ந்து படித்துப் பார்ப்போம்.