55 போதுமா, 66 வேணுமா? மூணு டெஸ்ட், ரெண்டு சராசரி

இன்னைக்கு சின்ன எபிசோட்தான். பேப்பர், பேனா பக்கத்துல இருந்தா எடுத்து வெச்சுக்கோங்க.

போன செமஸ்டர்ல என் சித்தி பொண்ணு போன் பண்ணா. அடுத்த வருஷம் அவளுக்குப் பிடிச்ச எலெக்டிவ் கிடைக்கணும்னா, ஒரு பேப்பர்ல மொத்தமா 75 வாங்கணும். அந்தப் பேப்பருக்கு மூணு டெஸ்ட். முதல் டெஸ்ட்ல 90, ரெண்டாவதுல 80 வாங்கிட்டா. எல்லாமே நூத்துக்கு. ஃபைனலுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.

"அண்ணா, 75 வர மூணுக்கும் சேர்த்து 225 வேணும். 170 கையில இருக்கு. ஃபைனல்ல 55 எடுத்தா போதும். 60 கண்டிப்பா வந்துடும், நான் சேஃப்"னு சொன்னா.

கணக்குல தப்பே இல்ல. மூணையும் கூட்டி மூணால வகுக்கறதுதான் சாதாரண சராசரி. 90, 80, 60 வந்தா மொத்தம் 230, சராசரி 76.67.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "மூணு டெஸ்டுக்கும் ஒரே வெயிட்டேஜா?"

சிலபஸைத் திறந்து பார்த்தா. முதல் டெஸ்ட் 20%, ரெண்டாவது 30%, ஃபைனல் 50%. அப்படின்னா போட வேண்டியது எடையிட்ட சராசரி, அதாவது வெயிட்டட் ஆவரேஜ். ஒவ்வொரு மார்க்கையும் அதோட எடையால பெருக்கி, அப்புறம் கூட்டணும்.

90-ல 20% எடுத்தா 18. 80-ல 30% எடுத்தா 24. 60-ல 50% எடுத்தா 30. மூணையும் கூட்டினா 72. 'சேஃப்'னு நெனச்ச 60-ஐ வாங்கியிருந்தா எலெக்டிவ் கையை விட்டுப் போயிருக்கும்.

ஏன் 76.67 இப்படி 72-க்கு இறங்குது? சாதாரண சராசரிக்கும் எடை உண்டு. மூணு டெஸ்டுக்கும் ஆளுக்கு 33.33%னு அது சமமா பிரிச்சுக் குடுத்துடுது. அதனால வெறும் 20% உள்ள அந்த 90-க்கு அதிக மரியாதை, 50% உள்ள ஃபைனலுக்குக் கம்மி மரியாதை.

இதே மார்க்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. அவ ஃப்ரெண்டு ஒருத்தன் முதல்ல 60, அப்புறம் 80, ஃபைனல்ல 90 வாங்கறான்னு வெச்சுக்குவோம். சாதாரண சராசரி அவனுக்கும் அதே 76.67தான். எடையிட்டுப் பார்த்தா 12, 24, 45, மொத்தம் 81. அதே மூணு நம்பர், வரிசை மட்டும்தான் மாறுச்சு, 9 மார்க் வித்தியாசம். எந்த மார்க் எந்த டெஸ்ட்ல வந்துச்சுன்னு சாதாரண சராசரி பார்க்கறதே இல்ல.

சரி, அவளுக்கு ஃபைனல்ல உண்மையில எவ்வளவு வேணும்? கையில 18 + 24, அதாவது 42 இருக்கு. 75-க்கு இன்னும் 33 வேணும். ஃபைனலோட பங்கு 50. அந்த 50-க்கு 33 எடுக்கணும்னா, நூத்துக்கு 66 எடுக்கணும். 55 இல்ல, 66.

அன்னைக்கு ராத்திரியே ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா. "அண்ணா, ஷீட்ல போட்டேன். இதுவரைக்கும் என் சராசரி 42-னு வருது. இவ்வளவு மோசமா?"

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. 80-ம் 90-ம் வாங்கினவளுக்கு சராசரி 42 வரவே முடியாது. எடை எப்படி இருந்தாலும், சராசரி உங்க குறைஞ்ச மார்க்குக்கும் அதிக மார்க்குக்கும் நடுவுலதான் இருக்கும். வெளிய போச்சுன்னா, எடைகளோட கூட்டுத்தொகையால வகுக்க மறந்துட்டோம்னு அர்த்தம். மூணு டெஸ்டும் முடிஞ்சா எடைகளோட மொத்தம் 100%, வகுத்தாலும் விடை மாறாது. ரெண்டுதான் முடிஞ்சிருக்குன்னா மொத்தம் 50%தான். 42-ஐ 0.5-ஆல வகுத்தா 84. அதுதான் அவளோட இப்போதைய சராசரி. 42-ங்கிறது இதுவரைக்கும் சேர்த்த புள்ளி.

ஷீட்ல மார்க் B காலம்ல, எடை C காலம்ல இருந்தா, இப்படிப் போடுங்க:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUM(C2:C4)
```

எழுதாத டெஸ்டோட மார்க், எடை ரெண்டு கட்டத்தையும் காலியா விடணும். எடையை மட்டும் விட்டு வெச்சா, அந்த டெஸ்ட்ல பூஜ்யம் வாங்கினதா ஷீட் எடுத்துக்கும். `AVERAGE` போட்டா, அது எடைப் பக்கமே போகாது.

அப்புறம் ஒரு விஷயம். ஒரு டெஸ்ட் 40-க்கு, இன்னொண்ணு 50-க்குன்னு இருந்தா, முதல்ல எல்லாத்தையும் நூத்துக்கு மாத்திட்டு அப்புறம் எடை போடுங்க.

தங்கச்சி ஃபைனல்ல 68 வாங்கினா. 18, 24, 34. மொத்தம் 76. முதல்ல சொன்ன மாதிரி 55-ஓட நின்னிருந்தா 69.5 வந்திருக்கும்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.