பட்டியலிடும் நாளும் பூட்டப்பட்ட பங்குகளும்

சந்தைக்குப் புதிதாக வரும் பங்கின் விலை முதல் நாளிலேயே ஏன் துள்ளுகிறது, ஏன் சரிகிறது என்பதை ஒரே நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு இன்று காண்போம்.

2012 மே 18ஆம் நாள், பேஸ்புக் நிறுவனத்தின் பங்கு அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. அதன் வெளியீட்டு விலை 38 டாலர். இவ்விலையைச் சந்தை முடிவு செய்வதில்லை. நிறுவனமும் வெளியீட்டை நடத்தும் வங்கிகளும் பெரு முதலீட்டாளர்களின் விருப்பத்தைக் கேட்டறிந்து முன்கூட்டியே முடிவு செய்கின்றன. பங்கு கேட்டும் கிடைக்காதோர் பலர் இருந்தால், அவர்கள் முதல் நாள் சந்தையில் வாங்க முனைவார்கள். விற்பனைக்கு உள்ள பங்குகளோ சில. ஆகவே விலை துள்ளும்.

பேஸ்புக்கின் கதை வேறு. வெளியீட்டுக்குச் சில நாள்களுக்கு முன் விலையையும் உயர்த்தினார்கள்; விற்கும் பங்குகளின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். வேண்டியவர்களுக்கெல்லாம் ஏறத்தாழப் பங்கு கிடைத்துவிட்டது. அதன்பின் வாங்குவார் யார்? வணிகம் 42.05 டாலரில் தொடங்கி, 38.23 டாலரில் முடிந்தது. அடுத்த வணிக நாளில் விலை 34.03 டாலருக்கு இறங்கியது.

அன்று விற்கப்பட்டவை 421 மில்லியன் பங்குகளே. நிறுவனர், ஊழியர், தொடக்ககால முதலீட்டாளர் ஆகியோரிடம் மீதமிருந்தவற்றில் மிகப் பெரும்பகுதி பூட்டப்பட்டிருந்தது. இதனையே விற்பனைத் தடைக்காலம் என்கிறோம். மலேசியாவில் மொரட்டோரியம் என்பர். இத்தடை விற்பதைத்தான் தடுக்கிறது. பங்கின் உரிமையும் வாக்குரிமையும் அவர்களிடமே இருக்கும். பொது வெளியீட்டில் பங்கு பெற்ற சிறு முதலீட்டாளரை இது பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. அவர் முதல் நாளே விற்கலாம்.

பேஸ்புக்கில் தடை ஒரே நாளில் நீங்கவில்லை. பல தவணைகளாக நீங்கியது. ஆகஸ்ட் 16 அன்று ஏறத்தாழ 271 மில்லியன் பங்குகள் விடுபட்டன. விலை 6 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்து 20 டாலருக்குக் கீழ் முடிந்தது. நவம்பர் 14 அன்று ஏறத்தாழ 800 மில்லியன் பங்குகள் விடுபட்டன. முன்னதைப்போல மும்மடங்கு! ஆயினும் அன்று விலை 12 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது.

இம்முரண் எதனால்? தடை நீங்கும் நாள் முன்பே யாவரும் அறிந்தது. அஞ்சியவர்கள் அதற்குமுன்பே விற்றிருந்தார்கள்; அந்த அச்சம் விலையில் ஏற்கெனவே கலந்திருந்தது. நிறுவனரும் ஓராண்டுக்கு விற்கப்போவதில்லை எனச் செப்டம்பரிலேயே அறிவித்திருந்தார். எதிர்பார்த்த வெள்ளம் வராதபோது விலை நிமிர்ந்தது.

ஆதலால் வெளியீட்டு விளக்க ஏட்டைக் கையில் எடுக்கும்போது மூன்றைத் தேடுவோம்: முதல் நாள் எத்தனை பங்குகள் சந்தையில் உலவும்? எத்தனை பூட்டப்பட்டுள்ளன? அவை எந்தெந்த நாளில், யார் கையில் விடுபடும்? இம்மூன்றும் விலையை முன்னறிவிப்பதில்லை. ஆனால் முதல் நாள் விலை எத்துணைச் சிறிய பகுதியின் விலை என்பதை நமக்கு உணர்த்தும்.