தொடரும் தொழிலும் விடைபெறும் தொழிலும்
(உரையின் எழுத்து வடிவம்)

நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர் முதலில் தேடுவது நிகர லாபத்தைத்தான். சென்ற ஆண்டைவிட அது கூடியிருந்தால் மனநிறைவு கொள்கிறார். ஆனால் கூடிய லாபம் தொழிலிலிருந்து வந்ததா, தொழிலை விற்றதிலிருந்து வந்ததா என்பதை அந்த ஒரு தொகை சொல்வதில்லை. இதைச் சொல்வதற்காகவே கணக்கறிக்கையில் தனி வரிகள் வகுக்கப்பட்டுள்ளன.

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரில் ஒரு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு ஒரு பயணியர் விடுதியும் ஒரு கயிறு ஆலையும் உண்டு. சென்ற ஆண்டு விடுதியில் 30 லட்சம் ரூபாய் லாபம், ஆலையில் 10 லட்சம் நட்டம்; மொத்த லாபம் 20 லட்சம். ஆலையை விற்றுவிட நிருவாகக் குழு தீர்மானிக்கிறது. இவ்வாண்டு விடுதி லாபம் 24 லட்சமாகக் குறைகிறது. விற்பனை முடியும்வரை ஆலையில் 6 லட்சம் நட்டம். விற்பனையில் கிடைத்த ஆதாயம் 20 லட்சம். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் மொத்த லாபம் 38 லட்சம். ஏறக்குறைய இரு மடங்கு! ஆயினும் அடுத்த ஆண்டு எஞ்சியிருக்கப் போவது விடுதி மட்டுமே. அதன் லாபமோ 30-லிருந்து 24-ஆக இறங்கிவிட்டது.

இந்தியக் கணக்கியல் தரநிலை 105 இங்கேதான் துணைக்கு வருகிறது. தொடரும் தொழில்களின் முடிவு 24 லட்சம் என்று முதலில் காட்டப்படும். நிறுத்தப்பட்ட தொழிலின் நட்டமும் விற்பனை ஆதாயமும் சேர்ந்த 14 லட்சம், வரிக்குப் பிந்திய ஒரே தொகையாக அதன்கீழ் வரும். ஒப்பீட்டுக்கான சென்ற ஆண்டு லாப நட்டக் கணக்கும் இவ்வாறே திருத்தி அமைக்கப்படும். எனினும் எந்தச் சொத்தை விற்றாலும் இவ்வரியில் சேர்த்துவிட முடியாது. தனித்த பெரிய தொழிற்பிரிவாகவோ, தனித்த பெரிய புவியியல் பகுதியின் செயற்பாடாகவோ அது இருத்தல் வேண்டும். விடுதியின் பழைய படகு ஒன்றை விற்பது தொழிலை நிறுத்துவது ஆகாது.

விற்பனை முடிவதற்கு முன்பே ஆண்டு முடிந்துவிட்டால், ஆலை இருப்புநிலைக் குறிப்பில் ‘விற்பனைக்கென வைக்கப்பட்ட சொத்து’ எனத் தனியே இடம்பெறும். அதனுடன் கைமாறும் கடன்கள் சொத்தில் கழிக்கப்படாமல் தனியாகவே காட்டப்படும். அதற்குமேல் அதற்குத் தேய்மானம் கிடையாது; ஏனெனில் அதன் மதிப்பு இனி உழைப்பின் வழியாக அன்று, விற்பனையின் வழியாகவே திரும்பக் கிடைக்கும். ஏட்டு மதிப்பு 40 லட்சம், விற்பனைச் செலவு போக நியாய மதிப்பு 60 லட்சம் என்றால், இரண்டில் குறைந்ததான 40 லட்சமே காட்டப்படும். ஆதாயம் விற்பனை முடியும்வரை காத்திருக்கும். அந்த மதிப்பு 35 லட்சமே என்றால் 5 லட்ச நட்டம் உடனே பதிவாகும்.

விற்கும் எண்ணம் மட்டும் போதாது. சொத்து இன்றுள்ள நிலையிலேயே விற்பனைக்குத் தயாராக இருக்க வேண்டும். வாங்குபவரைத் தேடும் பணி நியாயமான விலையில் தொடங்கியிருக்க வேண்டும். ஓராண்டுக்குள் விற்பனை முடியும் என்பது பெரிதும் உறுதியாக இருக்க வேண்டும். மூடிப் பூட்டுவதற்குரிய ஆலை இவ்வகையில் சேராது.

பூவார்க் கணக்கு கற்பனை. ஆனால் அதே வடிவம் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தில் பேரளவில் காணப்பட்டது. கோயம்புத்தூரிலும் ஆலை கொண்டிருந்த தன் மின்சாதன, தானியங்கிக் கருவித் தொழிலை 14,000 கோடி ரூபாய்க்கு ஷ்னைடர் எலெக்ட்ரிக் நிறுவனத்திற்கு விற்பதாக அது 2018 மே மாதம் அறிவித்தது. இந்தியப் போட்டி ஆணையத்தின் நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் 2019 ஏப்ரலில் கிடைத்தது. விற்பனை 2020 ஆகஸ்டில் நிறைவேறியது. ஓராண்டு கடந்துவிட்டது உண்மையே. ஆனால் தாமதம் நிறுவனத்தின் கைக்கு அப்பாற்பட்டதாகவும், விற்கும் உறுதி குலையாமலும் இருந்தால் தரநிலை அதற்கு இடமளிக்கிறது.

2020–21-இல் அக்குழுமத்தின் நிகர லாபம் 9,549 கோடியிலிருந்து 11,583 கோடியாக உயர்ந்தது. அதில் 8,238 கோடி நிறுத்தப்பட்ட தொழிலின் வரியில் இருந்தது. தொடரும் தொழில்கள் ஈட்டியது 6,901 கோடி. அதிலிருந்து தனிச்சிறப்பு இனங்களாக 3,556 கோடி கழிந்தபின் எஞ்சியது 3,345 கோடியே. முந்தைய ஆண்டு லாபத்தின் பெரும்பகுதி தொடரும் தொழில்களிலிருந்தே வந்திருந்தது. பெருந்தொற்று ஆண்டின் சுமையை இத்தொகையில் காணலாம்; 11,583 கோடியில் காண இயலாது.

ஆகவே பங்கு வாங்குபவரும் கடன் கொடுப்பவரும் அடுத்த ஆண்டை மதிப்பிடும்போது தொடரும் தொழிலின் வரியிலிருந்து தொடங்க வேண்டும். ‘விற்பனைக்கென’ என்ற தலைப்பில் ஒரே சொத்து ஆண்டுதோறும் தங்கியிருந்தால், வாங்குபவர் யார், தடை எது என்று குறிப்புகளில் தேட வேண்டும். தக்க விடை இல்லையெனில், தேய்மானம் நின்றுபோனதால் மட்டுமே அந்த லாபம் சற்று உயர்ந்து தோன்றுகிறதோ என ஐயுறுவது முறையே.