சோற்றின் அளவும் சர்க்கரையின் அளவும்

2001ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற 'கியூர்ஸ்' என்னும் நகர்ப்புற நீரிழிவு ஆய்வு, தீட்டிய வெள்ளை அரிசியை மிகுதியாக உண்போரிடம் நீரிழிவு கூடுதலாகக் காணப்படுவதை 2009இல் வெளியான கட்டுரைகளில் எடுத்துக்காட்டியது. ஆகவே சாந்தோம் போன்ற பகுதியில் மருத்துவ முகாமில் பேசும் மருத்துவர், இனிப்பைக் காட்டிலும் மதியச் சோற்றைப் பற்றியே விரிவாகப் பேசுவது பொருத்தமாகும்.

ஒரு கப் சோற்றில், அதாவது ஏறத்தாழ 150 கிராமில், செரித்தபின் குளுக்கோஸாக மாறும் மாவுச்சத்து 40 கிராம் அளவில் இருப்பதால், சாம்பாருக்கும் ரசத்திற்கும் மோருக்கும் ஒவ்வொரு கப் சோறு உண்பவர் சோற்றிலிருந்து மட்டுமே 120 கிராம் பெறுகிறார். சோற்றை ஒரு கப்பாகக் குறைத்து, கீரைக் கூட்டையும் அவரைப் பொரியலையும் இரு மடங்காக்கி, குழம்பு மீனையோ சுண்டலையோ சேர்த்தால், நார்ச்சத்தும் புரதமும் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை மெல்ல ஏறும். முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் இரத்தப் பரிசோதனை இவ்வேறுபாட்டைக் காட்டும். கேழ்வரகுக் கூழுக்கு மாறுவது மட்டும் போதாது. அதிலும் மாவுச்சத்து மிகுதி, கூழாக நன்கு வெந்ததும் விரைவில் செரிக்கும்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை கொள்வோர் மருந்தளவை மாற்றாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவற்றுடன் தாழ்சர்க்கரை நிலை உண்டாகலாமாதலால், அவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே அளவை மாற்ற வேண்டும்.