ஒரு மாதத்து எண்களும் ஒரு தவறான புட்டியும்



மருத்துவ ஆய்வுக்கூடப் பணியில் புகுந்துள்ள நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. மாத முடிவில் தரக்கட்டுப்பாட்டு ஏட்டிலிருந்து சராசரியும் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் கணக்கிடச் சொல்கிறார்கள். இயந்திரமே விடை தந்துவிடும்போது நாம் ஏன் கையால் போட வேண்டும் என்பதே அது. இன்று ஒரு மாதத்துக் கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். விடை தானாக வெளிப்படும்.

நோயாளிகளின் இரத்தத்தைச் சோதிக்குமுன், நாள்தோறும் காலையில் கண்ட்ரோல் சீரம் ஒன்றைச் சோதிக்கிறோம். அது மாதம் முழுவதும் ஒரே சீரம். ஆயினும் நாளும் ஒரே எண்ணைத் தருவதில்லை. சிறிது ஏறும், சிறிது இறங்கும். எவ்வளவு ஏறினால் அது இயல்பு, எவ்வளவு ஏறினால் அது பிழை என்பதைச் சொல்லுவதற்கே திட்ட விலக்கம். 1920-களில் ஷூவார்ட் என்னும் அமெரிக்கர் தொழிற்சாலைப் பொருள்களுக்காக வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தை, லெவி, ஜென்னிங்ஸ் என்னும் இருவர் 1950-இல் மருத்துவ ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தனர்.

நாம் எடுத்துக்கொள்வது குளுக்கோஸ். கணக்கு விளங்குவதற்காக நாமே அமைத்த எண்கள் இவை. 25 வேலை நாள்களின் அளவுகள், டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்:

96, 98, 93, 97, 94, 100, 96, 92, 99, 95, 98, 94, 96, 102, 93, 99, 96, 90, 98, 100, 94, 92, 99, 96, 93.

பதினேழாம் நாளில் மட்டும் இரண்டு பதிவுகள் உள்ளன. முதலில் வந்தது 107. விசாரித்ததில், உலர்தூளாக வரும் அந்தச் சீரத்தை 5 மி.லி. நீரில் கரைப்பதற்குப் பதிலாக 4.5 மி.லி. நீரில் கரைத்துவிட்டது தெரிந்தது. நீர் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் செறிவு ஒன்பதில் ஒரு பங்கு கூடும். 96 ஏறத்தாழ 107 ஆகும். புதிய புட்டியைச் சரியாகக் கரைத்துச் சோதித்தபோது 96 வந்தது. 107-ஐ இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

பெரிய எண்களைக் கூட்டியும் வர்க்கமாக்கியும் களைப்புற வேண்டியதில்லை. நடுவில் ஓர் எண்ணை ஊகச் சராசரியாகக் கொள்வோம். 95 என்று வைப்போம். ஒவ்வோர் அளவும் 95-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதினால் போதும்.

| அளவு | முறை | விலக்கம் | முறை × விலக்கம் | முறை × விலக்க வர்க்கம் |
|---|---|---|---|---|
| 90 | 1 | −5 | −5 | 25 |
| 92 | 2 | −3 | −6 | 18 |
| 93 | 3 | −2 | −6 | 12 |
| 94 | 3 | −1 | −3 | 3 |
| 95 | 1 | 0 | 0 | 0 |
| 96 | 5 | 1 | 5 | 5 |
| 97 | 1 | 2 | 2 | 4 |
| 98 | 3 | 3 | 9 | 27 |
| 99 | 3 | 4 | 12 | 48 |
| 100 | 2 | 5 | 10 | 50 |
| 102 | 1 | 7 | 7 | 49 |
| மொத்தம் | 25 | | 25 | 241 |

சராசரி: 25-ஐ 25-ஆல் வகுக்க 1, அதை 95-உடன் கூட்ட 96.

அடுத்து திட்ட விலக்கம். நாம் விலக்கங்களை எடுத்தது ஊகச் சராசரியிலிருந்தே. ஆகவே ஒரு திருத்தம் வேண்டும். விலக்கங்களின் மொத்தமாகிய 25-ஐ வர்க்கமாக்கி 25 பதிவுகளால் வகுத்தால் 25. அதை 241-இலிருந்து கழிக்க 216. இதை 24-ஆல் வகுக்கிறோம், 25-ஆல் அன்று. உண்மைச் சராசரியிலிருந்து எடுத்த 25 விலக்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் சுழியமே. எனவே 24 விலக்கங்கள் தெரிந்தால் இருபத்தைந்தாவது தானே தெரிந்துவிடும். சுதந்திரமானவை 24 மட்டுமே. 216-ஐ 24-ஆல் வகுக்க 9. அதன் வர்க்கமூலம் 3. இதுவே திட்ட விலக்கம்.

மாறுபாட்டுக் கெழு: திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்க 3.1 விழுக்காடு. அளவு உயர்ந்த சீரங்களில் திட்ட விலக்கமும் பெரிதாகவே இருக்கும். சராசரி 280-ம் திட்ட விலக்கம் 7-ம் உடைய மற்றொரு சீரத்தைப் பார்த்தால், 3-ஐ விட 7 பெரிது, ஆகவே வேலை மோசம் என்று தோன்றும். அதன் கெழுவோ 2.5 விழுக்காடு, உண்மையில் அங்கே வேலை சற்றுச் செம்மை. இரண்டு நிலைகளை ஒப்பிடக் கெழு வேண்டும்.

இனி, ஒதுக்கிவைத்த 107-க்கு வருவோம். ஏட்டில் இருக்கிறதே என்று அதையும் சேர்த்தால் என்ன நேரும்? 95-லிருந்து அதன் விலக்கம் 12, வர்க்கம் 144. விலக்கங்களின் மொத்தம் 37, வர்க்கங்களின் மொத்தம் 385, பதிவுகள் 26. சராசரி 96.4 ஆகிறது, பெரிய மாற்றமில்லை. 37-இன் வர்க்கம் 1369. 26-ஆல் வகுக்க 52.65. அதைக் கழிக்க 332.35, 25-ஆல் வகுக்க 13.29. இதன் வர்க்கமூலம் 3-க்கும் 4-க்கும் இடையே உள்ளது. 3.6 என்று ஊகித்து, 13.29-ஐ 3.6-ஆல் வகுத்தால் 3.69, இரண்டின் நடு 3.65. வர்க்கமூலத்தைக் கையால் காண இவ்வளவே போதும். கெழு 3.8 விழுக்காடாகிறது.

ஒரே ஓர் எண், திட்ட விலக்கத்தை 3-இலிருந்து 3.65-க்கு உயர்த்திவிட்டது. சராசரிக்கு மேல் மூன்று திட்ட விலக்கம் என்பது நாம் நிறுத்திக்கொள்ள வேண்டிய எல்லை. முன்பு அது 105, இப்போது 107.4. எந்த 107 பிழை என்று கண்டோமோ, அதே 107 தானே தன் வேலியை விரித்து உள்ளே அமர்ந்துகொண்டது!

இதனால் யாருக்குத் தீங்கு? அடுத்த மாதம் ஒரு நாள் கருவியே பத்து விழுக்காடு உயர்த்திக் காட்டுகிறது என்று கொள்வோம். கண்ட்ரோல் 106 வரும். சரியான எல்லை 105. அன்று அறிக்கைகளை நிறுத்திக் காரணம் தேடியிருப்போம். விரிந்த எல்லையோ போகவிடும். வெறும் வயிற்றில் உண்மையில் 116 உள்ள ஒரு தாயின் அறிக்கையில் 128 என்று எழுதுவோம். 126-ஐத் தொட்டால் நீரிழிவு என்று மருத்துவர் கருதுவார். நாம் மாத முடிவில் போட்ட கணக்கின் பிழையை அந்தத் தாய் சுமப்பார்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. கணக்கு அழகாக வர வேண்டுமென்று 90-ஐயும் 102-ஐயும் காரணமின்றி அடித்துவிடுவோர் உளர். அப்போது எஞ்சிய 23 பதிவுகளின் திட்ட விலக்கம் 2.56 ஆகச் சுருங்கும். இரண்டு திட்ட விலக்க எச்சரிக்கை எல்லை 90.9 முதல் 101.1 வரை ஆகிவிடும். நல்ல நாளில் வரும் 90-ம் 102-ம் வெளியே விழும். வீணாகச் சோதனையை மீண்டும் மீண்டும் செய்வோம். பலமுறை பொய்யாய் ஒலித்த மணியை, மெய்யாய் ஒலிக்கும் நாளிலும் எவரும் பொருட்படுத்தார். இயல்பாகவே இருபதில் ஏறத்தாழ ஒன்று அந்த எச்சரிக்கை எல்லையைத் தாண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே விதி ஒன்றே. காரணம் கண்டறிந்து, நாளும் கையொப்பமும் இட்டு எழுதப்பட்ட பதிவை மட்டுமே கணக்கிலிருந்து நீக்கலாம். அதையும் அழிக்காமல், ஒரு கோடிட்டு, எண் தெரியும்படி விட வேண்டும். காரணம் தெரியாத எண் எவ்வளவு உறுத்தினாலும் கணக்கில் இருக்க வேண்டும்.

இயந்திரம் 26 எண்களையும் வாங்கிக்கொண்டு 3.65 என்று சொல்லிவிடும். புட்டியில் எவ்வளவு நீர் ஊற்றினோம் என்று அது கேட்காது. கையால் போடும்போது, 12 என்ற விலக்கத்தையும் அதன் 144-ஐயும் எழுதும் அந்தக் கணத்தில் நம் பேனா நிற்கும். ஏன் என்று ஏட்டைத் திருப்பிப் பார்ப்போம். அதற்காகத்தான் கையால் போடுகிறோம்.