நீலச் சுவரும் வெள்ளைச் சுவரும்: ஒரு குறும்படப் பிரதியில் காலம் மாறும் இடங்கள்



சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டி ஒரு குறும்படப் பிரதி எழுதுவோம் என்று நாங்கள் ஆறு பேர் கூடியபோது, கதை முள்ளிக்குளத்தில் நடக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. ஊரை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியில், முசலிப் பிரிவில், வில்பத்துக் காட்டின் ஓரமாகக் கடலைப் பார்த்திருக்கும் கத்தோலிக்கக் கிராமம் அது. 2007 செப்டெம்பரில் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் அங்கே கடற்படை முகாம் அமைந்தது. ஊர்ச்சனத்தில் பலர் அயலிலுள்ள மலங்காட்டிலும் காயாக்குழியிலும் குடிசை போட்டு இருந்தார்கள். வழிபாட்டுக்கு மட்டும் ஊர்க் கோவிலுக்குப் போய்வர முடிந்தது. சொந்த வீட்டுக்குப் போக முடியவில்லை. 2017 மார்ச்சில் தொடர் போராட்டம் தொடங்கி, ஏப்ரல் கடைசியில் 100 ஏக்கர் காணி விடப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

எங்கள் கதை அதற்கு முந்தியது. 2014இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மம்மா ஒருத்தி, ஒன்பது வயதுப் பேத்தியுடன் பஸ்ஸில் ஏறிப் பூசைக்குப் போய்த் திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை. ஊரை விட்டபோது பேத்திக்கு இரண்டு வயது. அவளுக்கு நினைவு எதுவும் இல்லை. ஆகவே ஊர் முழுவதும் அம்மம்மாவின் தலைக்குள்தான் இருக்கிறது. பன்னிரண்டு பக்கம், ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் படம் மூன்று முறை 2007க்குப் போய்த் திரும்ப வேண்டும்.

இங்கேதான் வேலை தொடங்கியது. காட்சித் தலைப்பில் ‘பிளாஷ்பேக்’ என்று எழுதிவிட்டால் பிரதியை வாசிப்பவருக்கு விளங்கும். படம் பார்ப்பவருக்கு அந்தத் தலைப்புத் தெரியாது. அவர் கண்டும் கேட்டும்தான் காலம் மாறியதை அறிய வேண்டும். பழைய தமிழ்ப் படங்கள் இதற்கென ஒரு சைகையை வைத்திருந்தன. பாத்திரம் அண்ணாந்து பார்க்கும், திரையில் வட்டங்கள் சுழலும். தமிழகத்தில் இதைக் ‘கொசுவர்த்தி சுத்துவது’ என்று கேலி பண்ணுவார்கள். எங்களுக்கு அது நுளம்புத்திரி. 1954இல் வந்த எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ இதைவிடத் திறமான வழியைக் கண்டது. கொலை விசாரணையில் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்லத் தொடங்குவார்கள். சொல்லத் தொடங்குவதே கடந்த காலத்தின் வாசல். எங்கள் அம்மம்மாவை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவளும் சொல்லும் சுபாவம் உள்ளவள் அல்ல. அந்த வாசல் எங்களுக்குப் பூட்டு.

எங்களில் வைத்தியத் தொழிலில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். இடம்பெயர்ந்த வயோதிபர்கள் பலர் விட்டுவந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது ‘இருந்தது’ என்று சொல்வதில்லை. ‘எங்கட முத்தத்தில ஒரு கிணறு இருக்கு’ என்பார்கள். அந்த ‘இருக்கு’ தான் எங்கள் பிரதிக்கு இலக்கணமானது. கடந்த காலம் மங்கலாகவோ கனவுபோலவோ வரக்கூடாது. பக்கத்து அறையில் நடப்பதுபோல வரவேண்டும்.

முதல் தடவை போவதற்கு ஒலியை எடுத்தோம். எழுதியபடியே வாசிக்கிறோம்.

காட்சி 3. வெளி. மலங்காடு, குடிசை வாசல். காலை.
பவுசர் குழாயிலிருந்து தண்ணீர் மஞ்சள் கானுக்குள் விழுகிறது. அம்மம்மா கானைப் பிடித்தபடி நிற்கிறாள். கான் நிறைய நிறையத் தண்ணீரின் ஓசை மெல்லியதாகி உயர்கிறது. அந்த ஓசைக்குள் ஒரு கப்பி கிறீச்சிடுகிறது. அம்மம்மா தலை நிமிர்கிறாள். அங்கே கப்பி எதுவும் இல்லை. வாளி ஒன்று தண்ணீரில் மோதும் ஓசை.

காட்சி 4. வெளி. முள்ளிக்குளம், கிணற்றடி. காலை.
வாளி மேலே வருகிறது. கயிற்றை இழுப்பவள் அம்மம்மா. தலையில் நரை குறைவு. பின்னால் வீட்டின் நீலச் சுவர்.

படத்தொகுப்பாளர்கள் இதை ‘ஜே கட்’ என்பார்கள்: அடுத்த காட்சியின் ஒலி, படத்துக்கு முந்தி வந்துவிடுகிறது. பிரதி எழுதுபவர் அதைப் படத்தொகுப்பு மேசைக்கு விட்டுவைக்கக் கூடாது. கப்பியின் ஒலியைக் காட்சி 3க்குள், தலைப்புக் கோட்டுக்கு மேலேயே எழுதிவிட வேண்டும். இரண்டு மூன்று விநாடி போதும். அதற்குமேல் நீண்டால் பார்ப்பவர்கள் மலங்காட்டிலேயே கப்பியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். கானுக்குள் விழும் தண்ணீரின் சுருதி உயர்ந்துகொண்டே போவது எங்கள் கற்பனை அல்ல. வீட்டில் வாளியை நிரப்பும்போது நீங்களும் கேட்கலாம். அந்த உயர்ந்த சுருதியில்தான் கப்பியின் கிறீச்சு ஏறி உட்காருகிறது. வாளி மோதியதும் பவுசரின் ஓசை முற்றாக நிற்க வேண்டும். பின்னால் இழுபட்டால் இரண்டு காலமும் கலந்துவிடும்.

கடல் ஓசையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். முள்ளிக்குளத்தில் கடல் அன்றும் கேட்டது, இன்றும் கேட்கிறது. அது இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. கோவில் மணியும் அப்படியே.

இரண்டாவது மாற்றம் 2007இலிருந்து பஸ்ஸுக்குத் திரும்புவது. இதைச் சட்டகத்தால் செய்தோம். வீட்டைவிட்டுப் போகும் காலையில் அம்மம்மா கதவு நிலைக்குள் நிற்கிறாள். உள்ளே இருட்டு. நிலையின் இடப்பக்கம் அவளுடைய தோள், வலப்பக்கம் கடல். கடற்கோடு நிலையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். அடுத்த காட்சியில் அதே இடத்தில் அதே தோள், அதே உயரத்தில் அதே கடற்கோடு. ஆனால் அவளுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று இரும்புக் கம்பிகள். அது பஸ் யன்னல்.

பார்ப்பவரின் கண் நகராமல் இருந்தால்தான் இந்த வித்தை வேலை செய்யும். கடற்கோடு மேலோ கீழோ ஏறினால், ஆளின் அளவு பெரிதானால், அது வேறொரு இடத்துக்குப் போன சாதாரண வெட்டாகத் தெரியும். எல்லாம் அப்படியே இருந்து ஒரு பொருள் மட்டும் மாறும்போதுதான் ‘காலம் போய்விட்டது’ என்று மனம் கணக்குப் பார்க்கும். பிரதியில் ‘குளோசப்’, ‘சூம்’ என்று கமெராவுக்குக் கட்டளை போட வேண்டியதில்லை. நிலைக்குள் எது எங்கே இருக்கிறது என்று எழுதினால் இயக்குநருக்கு விளங்கும். இதில் ஒரு செலவுக் கணக்கும் உண்டு. முகாமுக்குள் போய்ப் படம் பிடிக்க எங்களால் முடியாது. ஒரு கதவு நிலையும் கடலும் போதுமென்றால், கரையோரத்தில் வேறெந்த ஊரிலும் அதை எடுத்துவிடலாம்.

நிறத்தில்தான் அதிக நேரம் வாதாடினோம். கடந்த காலத்தைப் பழுப்பாக்குவோம் என்றார் ஒருவர். கறுப்பு வெள்ளை என்றார் இன்னொருவர். 2007 அவ்வளவு பழைய காலமா? அந்த வருடத்துத் திருமணப் படங்கள் எல்லாம் எங்கள் வீடுகளில் வர்ணத்தில் இருக்கின்றன. அதைவிட, பழுப்பு நிறம் ‘அது முடிந்த கதை’ என்று சொல்கிறது. காணி கேட்டு நிற்கும் சனத்தின் வீட்டை முடிந்த கதையாக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ (2000) இதைத் தலைகீழாகச் செய்தது. 1999இல் கிழவர் மரணப் படுக்கையில் கிடக்கும் நிகழ்காலம் கறுப்பு வெள்ளை. அவருடைய நினைவு முழு வர்ணம். உயிர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்த ஒரு முடிவே காட்டிவிடுகிறது.

நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. பேத்திக்கு நிகழ்காலம் செத்த காலம் அல்லவே. அவளுக்கும் வர்ணம் வேண்டும். ஆகவே படம் முழுவதையும் சாயம் பூசாமல் ஒரே ஒரு நிறத்தைப் பிடித்தோம். வீட்டின் நீலச் சுவர். 2007 வரும்போதெல்லாம் அந்த நீலம் சட்டகத்தில் எங்காவது இருக்கும்: கிணற்றடியில், கதவின் ஓரத்தில், காயப்போட்ட வலைக்குப் பின்னால். நிகழ்காலக் காட்சிகளில் அந்த நீலம் எங்குமே வரக்கூடாது. பேத்தியின் உடுப்பிலும் இல்லை, பவுசரிலும் இல்லை. உடை, பொருட்கள் பார்ப்பவருக்கு மறந்துபோகாமல் பிரதியின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவைத்தோம். மூன்றாம் முறை நீலம் வரும்போது, எவரும் சொல்லாமலே பார்ப்பவருக்கு ‘நீலம் என்றால் ஊர்’ என்று பழகியிருக்கும்.

அந்தப் பழக்கத்தைக் கடைசிக் காட்சியில் உடைக்கிறோம். பூசை முடிந்து பஸ் திரும்பும் வழி. கப்பியின் கிறீச்சு கேட்கிறது. யன்னலுக்குள் அதே தோள், அதே கடற்கோடு. இரண்டு சைகையும் வந்துவிட்டதால், அம்மம்மா மறுபடி 2007க்குப் போகிறாள் என்றே பார்ப்பவர் நினைப்பார்.

பேத்தி: அம்மம்மா, எங்கட வீடு எது?
அம்மம்மா: உந்த வேம்புக்கு நேர பார். நீல வீடு.
பேத்தி: நீல வீடு ஒண்டும் இல்லையே.

யன்னலில் ஒரு வீடு நகர்கிறது. சுவர் வெள்ளை. முற்றத்துக் கிணற்றில் யாரோ தண்ணீர் அள்ளுகிறார்கள். கப்பி அதேதான். முதல் இரண்டு முறையும் அந்த ஒலி நினைவில் கேட்டது. இந்த முறை உண்மையாகவே கேட்கிறது. ஒலியும் சட்டகமும் பொருந்தி, நிறம் மட்டும் பொருந்தாமல் போகிறது. மூன்று சைகையையும் ஒன்றாகவே வைத்திருந்தால் அது இன்னுமொரு நினைவுக் காட்சியாகப் போயிருக்கும். மூன்றையும் மாற்றியிருந்தால் வழியில் தெரியும் ஏதோ ஒரு வீடு.

சரிபார்ப்பதற்கு ஒரு இலகுவான வழி வைத்திருந்தோம். காட்சித் தலைப்புகளை விட்டுவிட்டு, பிரதியை உரத்து வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் காலம் மாறியது என்று நினைக்கும் இடத்தில் கையை உயர்த்த வேண்டும். கிணற்றுக் காட்சியில் ‘கப்பி எதுவும் இல்லை’ என்ற வரியிலேயே கைகள் உயர்ந்தன. படம் மாறுவதற்கு முன்பே. யன்னலில் கம்பிகள் வந்த பிறகுதான் உயர்ந்தன. அது போதும், திரும்பும்போது அரைக்கணம் தடுமாறுவது அம்மம்மாவுக்கும் நேர்வதுதானே. கடைசிக் காட்சியில் கப்பி ஒலித்ததும் பல கைகள் உயர்ந்தன. வெள்ளைச் சுவர் என்று வாசித்ததும் ஒவ்வொன்றாக இறங்கின.

இனி எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்றுதான். வெள்ளைச் சுவரோடு படத்தை நிறுத்துவதா, அல்லது நீலச் சுவரை இன்னொரு தடவை, இந்த முறை பேத்தி காண்பதாக, இரண்டு விநாடி காட்டுவதா? காணாத ஊர் அவளுக்கு நினைவாக வர முடியுமா என்று நான்கு பேர் கேட்கிறோம். அம்மம்மா சொன்னாளே, அதுதான் வந்தது என்கிறார்கள் மற்ற இருவர். இரண்டு முடிவும் பிரதியில் இருக்கின்றன. வெளியே மேசையில் பிரதிகள் வைத்திருக்கிறோம். வாசித்துவிட்டு உங்கள் பக்கத்தை எழுதித் தாருங்கள்.