மாம்பழத் தயிரில் தண்ணீர் பிரியாமல் இருக்க



எங்க குழுவில் முதல் தடவை மாம்பழத் தயிர் செய்தப்போ, 40 கப் அப்படியே திரும்பி வந்துச்சு. தயிர் கெடலை, புளிக்கவும் இல்லை. மேலே விரல்கனத்துக்குத் தண்ணி நின்னுது. பழைய தயிர்னு சொல்லி யாரும் வாங்கலை.

தயிர் உறையும்போது பாலில் உள்ள புரதம் வலை மாதிரி பின்னி, தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். நாங்க பழக்கூழ் போட்டுக் கலக்கினதில் அந்த வலை அறுந்துடுச்சு. பஸ்ஸில் குலுங்கினது மிச்சத்தையும் அறுத்துடுச்சு. கடைத் தயிரில் இப்படி ஆகாம இருக்கத்தான் மாவுச்சத்து, ஜெலட்டின், பெக்டின்னு ஏதாவது ஒண்ணைச் சேர்க்கிறாங்க.

நாங்க எடுத்துக்கிட்டது மாவுச்சத்து. கடையில் கார்ன்ஃப்ளார்னு கேட்டா வெள்ளையா, வழுவழுன்னு தருவாங்க. ரொட்டி சுடுற மஞ்சள் மாவு இதுக்கு ஆகாது. 5 லிட்டர் பாலுக்கு 50 கிராம் போட்டோம். முதலில் கொதிக்கிற பாலில் நேரா கொட்டி, கட்டி தட்டிப்போச்சு. அப்புறம் ஆறின பால் ஒரு டம்ளரில் மாவைக் கரைச்சு, காய்ச்சுற பாலில் ஊத்தி, கொதி வந்த பிறகும் ஐந்து நிமிஷம் கைவிடாம கிண்டினோம். சூட்டில்தான் மாவு தண்ணியை உறிஞ்சி உப்பும். வேகலைன்னா பச்சை மாவு வாசம் வரும், தண்ணியும் நிக்காது. வெதுவெதுப்பா ஆறினதும் உறை ஊத்தி, உறைஞ்சு குளிர்ந்த பிறகே பழக்கூழைக் கலந்தோம். மறுநாள் கப்பைச் சாய்ச்சுப் பார்த்தோம், ஓரத்தில் தண்ணி வரலை. அளவு கூடினா தயிர் கூழாயிடும், நாக்கில் ஒட்டும்.

ஜெலட்டின் போட்டா இன்னும் வழவழப்பா இருக்கும், வாயில் வச்சதும் கரையும். ஆனா உடம்புச் சூட்டுக்கே உருகுறது, நம்ம ஊர் வெயிலில் கடைப்பலகையில் நிக்குமா? அதோட அது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இப்படி எடுக்கிறது. அமாவாசை விரதம் இருக்கிற அக்கா ஒருத்தர், "இதுல என்ன போட்டிருக்கே?"ன்னு நேராவே கேட்டாங்க. ஜெலட்டின் போட்டா பச்சைப் புள்ளி அச்சடிக்க முடியாது. அதனால வேண்டாம்னுட்டோம்.

பெக்டின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலும் ஆப்பிள் சக்கையிலும் இருந்து வருது. பெரும்பாலும் பழக்கூழில்தான் சேர்ப்பாங்க. கூழ் கெட்டியாகி, தண்ணி விடாம, தயிரோட சீரா நிக்கும். தனியாத் தூவினா உருண்டை கட்டும். சர்க்கரையோட நல்லாக் கலந்துதான் போடணும். விலை கூடுதல்.

ஒண்ணு கவனம். இதில் எதுவும் தயிர் கெடாம காக்காது. குளிரில் வைக்கலைன்னா கெட்டியாவே புளிச்சுப்போகும். தண்ணி கலந்த பாலைக்கூட மாவு போட்டுக் கெட்டியாக் காட்டிடலாம். அதனால பால் அளக்கும்போதே நாங்க ஒருத்தர் பக்கத்தில் நிக்கிறோம். வாங்குற கப்பில் 1422ன்னு இருந்தா மாற்றிய மாவுச்சத்து, 440ன்னா பெக்டின். எங்க கப்பில் "மக்காச்சோள மாவுச்சத்து சேர்த்தது"ன்னு தமிழிலேயே போட்டிருக்கோம்.